இரண்டு முறை கழித்த வளைவு

டேப்பை மூன்றாவது முறையாக வைத்துப் பார்த்தாள். கொக்கியின் வால் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. எட்டு இருக்க வேண்டும்.

மூன்றாவது மாடி. காலை ஒன்பது மணி வெயில். மாடி முழுக்க எட்டு பீம்களுக்கான கம்பிக் கூண்டுகள், சென்ட்ரிங் பலகைக்கு மேல் குறுக்குக் கட்டைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கூண்டைக் கீழே பீமின் பலகைப் பள்ளத்துக்குள் இறக்கி, நாளை மறுநாள் காலையில் கான்கிரீட் ஊற்ற வேண்டும். இன்ஜினியர் அடுத்த ரிங்கைப் பார்த்தாள். அதிலும் அதேதான். அடுத்தது, அதற்கடுத்தது. பீமுக்கு முப்பத்து மூன்று ரிங், எட்டு பீமுக்கு இருநூற்று அறுபத்து நாலு. ஒன்றில்கூட வால் சரியில்லை. போதாததற்கு, கொக்கியை உள்பக்கமாக நூற்று முப்பத்தைந்து டிகிரி மடக்காமல் தொண்ணூறிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

ரிங் என்பது பீமுக்குள் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் இரும்புச் சட்டம். பாரம் ஏறி பீம் குறுக்காக வெடிக்கப் பார்க்கும்போது இழுத்துப் பிடிப்பது அதுதான். அதன் இரண்டு முனையையும் கொக்கியாக மடக்குவார்கள், மடக்கியபின் நீளும் நுனிதான் வால். கொக்கி உள்ளே ஆழமாகப் பதிந்திருந்தால் பிடிக்கும். இப்படி விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், மேல்கான்கிரீட் பெயர்ந்ததும் பிரிந்துகொள்ளும். முடிச்சுப் போடாத கயிற்றில் வாளியைத் தொங்கவிட்ட கதைதான்.

அவள் இந்த வேலைக்கு வந்து பதினாறு நாள் ஆகிறது. குழந்தை பிறந்து ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, "இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீங்க?" என்று ஏழு இடத்தில் கேட்டபிறகு எட்டாவது இடத்தில் கிடைத்த வேலை. இந்த மாடிக்கான கம்பிப் பட்டியல்தான் அவள் கையால் போட்ட முதல் பட்டியல்.

தன் தப்போ என்று சந்தேகம் வந்தது. அங்கேயே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டாள்.

பீம் அகலம் இருநூற்று முப்பது, உயரம் நானூற்று ஐம்பது. நாலு பக்கமும் கம்பியை மூட இருபத்தைந்து மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் விட்டால் ரிங் நூற்றெண்பதுக்கு நானூறு. சுற்றளவு ஆயிரத்து நூற்று அறுபது. எட்டு மில்லிமீட்டர் கம்பி. கொக்கி ஒன்றுக்குக் கம்பி கனத்தைப் போல் பத்து மடங்கு, எண்பது. இரண்டு கொக்கிக்கு நூற்று அறுபது. ஆக, ஆயிரத்து முந்நூற்று இருபது.

இதில் வளைவைக் கழிக்க வேண்டும். வளைக்கும்போது கம்பி கொஞ்சம் நீளும், மூலையில் கொஞ்சம் குறுக்கே போகும். தொண்ணூறு டிகிரி வளைவு ஒன்றுக்குக் கனத்தைப் போல் இரண்டு மடங்கு, பதினாறு. அப்படி மூன்று மூலை, நாற்பத்தெட்டு. நூற்று முப்பத்தைந்து டிகிரி கொக்கி ஒன்றுக்கு மூன்று மடங்கு, இருபத்து நாலு. இரண்டு கொக்கி, இன்னொரு நாற்பத்தெட்டு. மொத்தம் தொண்ணூற்றாறு. அதைக் கழித்தால் வெட்டும் நீளம் ஆயிரத்து இருநூற்று இருபத்து நாலு.

பட்டியலில் அதேதான் இருந்தது. 1224. தப்பில்லை.

கீழே இறங்கி வெட்டும் இடத்துக்குப் போனாள். வளைக்காத கம்பித் துண்டுகள் நாலைந்து மிச்சம் கிடந்தன. ஒன்றை எடுத்து டேப்பை ஓட்டினாள். 1128.

மேஸ்திரி அப்போதுதான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதர். முப்பது வருடமாகக் கம்பி வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எண்ணையும் வடிவப் படத்தையும் வைத்துப் பட்டியலைப் புரட்டிவிடுவார், அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவருடைய தங்கை புருஷன்தான் வளைக்கும் மேசையில் பெரிய கை. ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை என்று தேடினாலும் கிடைக்காது. ஒட்டடை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரே போனில் "ஒட்டடை பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"மேஸ்திரி, ரிங்குக்கு என்ன நீளம் வெட்டுனீங்க?"

"நீங்க குடுத்ததுதான் மேடம். ஆயிரத்து இருநூத்து இருபத்து நாலு." டீயை ஒரு வாய் குடித்தார். "அதுல வளைவுக்குத் தொண்ணூத்தாறு போக்கிட்டு வெட்டுனோம்."

அவள் அளந்த துண்டை அவரிடம் நீட்டினாள். அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் கழிச்சுட்டுத்தான் குடுத்தேன் மேஸ்திரி."

பழைய இன்ஜினியர் எட்டு வருடமாக வளைவைக் கழிக்காமல்தான் எழுதிக் கொடுப்பாராம். சுற்றளவையும் கொக்கியையும் கூட்டி மொத்தத்தைத் தருவார், வளைவு மேஸ்திரி பொறுப்பு. ரிங்குக்கு இவ்வளவு, எல் வடிவக் கம்பிக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்கு விரல் நுனியில் இருந்தது. பட்டியல் கைக்கு வந்ததும் கழிப்பது மூச்சு விடுவது மாதிரி பழகிப்போயிருந்தது. இவள் வந்தாள், பாடத்தில் படித்தபடி கழித்தே கொடுத்தாள். அந்தக் கட்டத்தின் தலையில் "வெட்டும் நீளம்" என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். அவர் தலைப்பைப் படிக்கிறவர் இல்லை. அவருக்குப் படிக்க வராது என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் கணக்கும் சரி, அவர் கணக்கும் சரி. இரண்டும் ஒரே கம்பியின்மேல் உட்கார்ந்ததில் வந்த வினை.

நீளக் கம்பிகளிலும் இதேதான் நடந்திருந்தது. ஆறேகால் மீட்டர் கம்பியில் அறுபத்து நாலு மில்லிமீட்டர் போனது யார் கண்ணிலும் படவில்லை. ரிங்கில் மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. சட்டத்தின் நாலு பக்கமும் மேசையில் அடித்த ஆணிக்குச் சரியாக வந்துவிடும். குறைந்ததெல்லாம் வாலில் போய் விடிந்தது.

"வளைக்கிறப்ப ஒருத்தருக்குமா தெரியலை?"

ஒட்டடை அப்போது அங்கே வந்து நின்றிருந்தார். தெரிந்தது என்றார். வால் வளைக்கும் சாவிக்கே பிடிபடவில்லை, அதனால்தான் தொண்ணூறோடு விட்டாராம். முதல் நாளே சொன்னாராம். "நான் சொன்னேன் மேடம். வால் அறுந்த பல்லி மாதிரி இருக்குன்னு. மச்சான்தான், புது மேடம் கம்பி மிச்சம் புடிக்கிறாங்க போல, நீ பொத்திக்கிட்டு வளைன்னாரு."

மேஸ்திரி மச்சினனை முறைத்தார். ஒட்டடை சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பிறகு பலநாள் நினைத்துக்கொண்டாள்.

சரியான வழி ஒன்றுதான் இருந்தது. எட்டுக் கூண்டையும் பிரித்து, புது ரிங் வெட்டி வளைத்து, மறுபடி கட்டுவது. குறைந்தது இரண்டு நாள். கான்கிரீட் தள்ளிப்போகும். ஏன் என்று மேனேஜர் கேட்பார். அவர் கேட்டால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். போன மாதம் ஒரு தூணின் கம்பி சாய்ந்ததற்கே ஒரு குழுவை மூட்டை முடிச்சோடு வெளியே அனுப்பியவர் அவர்.

மேஸ்திரிதான் முதலில் சொன்னார். குரலை இறக்கி, அவளைப் பார்க்காமல், கம்பிக் குவியலைப் பார்த்துக்கொண்டு.

"கூண்டு இன்னும் மேலதான் இருக்கு மேடம். இறக்குறதுக்குள்ள, அப்படியே வெச்சு கொக்கியை உள்ள மடக்கிரலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்குக் கீழ பதினோரு பேரு இருக்கானுங்க."

மடக்கினாலும் வால் எண்பது ஆகிவிடாது. முப்பத்திரண்டுதான் வரும். பாதிகூட இல்லை. அது அவளுக்குத் தெரியும். கழுத்தில் கத்தி இருக்கும்போது மனசு கணக்கை வேறு மாதிரி போடும். பாரம் கம்மியான மாடிதானே, நூற்று முப்பத்தைந்துக்கு மடக்கினால் கொஞ்சமாவது பிடிக்குமே என்று நினைத்தாள். பதினாறாவது நாள் என்பதையும் நினைத்தாள்.

"சாவி பிடிக்குமா?"

"புடிக்க வெப்போம்."

"சரி. பாத்துப் பண்ணுங்க," என்றாள். மூன்று வார்த்தை.

உள்பக்கத்து பீம்களில் வேலை ஆரம்பித்தது. வளைக்கும் சாவி என்பது நுனியில் பிளவு உள்ள இரும்புத் தடி. பிளவில் கம்பியின் வாலை மாட்டி, தடியை இழுத்தால் கம்பி மடங்கும். வால் நீளமாக இருந்தால் சாவி கவ்விக்கொள்ளும். இங்கே கவ்வ ஒன்றும் இல்லை. இரண்டுக்கு ஒன்று வழுக்கியது. ஒருமுறை சாவி துள்ளி ஒரு ஆளின் முழங்காலில் பட்டது. அவன் ஒற்றைக் காலில் குதிக்க, "பரதநாட்டியம் சாயங்காலம் ஆடிக்கலாம்" என்றார் ஒட்டடை. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். வழுக்கியதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். நிறுத்து என்று சொல்லியிருக்கலாம்.

மேனேஜர் மதியம் ஒருதரம் மேலே வந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். கொக்கியைச் சரிசெய்கிறோம் என்றாள். அதில் பொய் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றரை மணிக்கு வெளிப்பக்கத்து பீமுக்கு வந்தார்கள். கட்டடத்தின் விளிம்பு அது. கூண்டுக்கு வெளியே ஒன்றரை அடிப் பலகை, அதற்குப் பிறகு வெறும் காற்று. கைநீளம் உள்ளவன் நானே என்று ஒட்டடை அந்தப் பலகையில் ஏறினார். பெல்ட் போட்டிருந்தார். அதன் கொக்கியைத் தலைக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் மாட்டியும் இருந்தார். ஆனால் ரிங்குகள் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்று. நாலு ரிங் நகர்ந்தால் கயிற்றின் முடிச்சு குறுக்கே வரும். கழற்றி மாட்ட வேண்டும். முதல் முடிச்சில் கழற்றி மாட்டினார். இரண்டாவதில் மாட்டினார். மூன்றாவதில் கழற்றினார். ஒரே ஒரு ரிங்தானே என்று இருந்திருக்கலாம்.

தொங்கிய வாலைத் தன் பக்கம் இழுத்து மடக்க வேண்டும். கூண்டுக்குள் கைவிட்டு, சாவியை மாட்டி, பின்னால் சாய்ந்து, முழு உடம்பின் பாரத்தையும் கொடுத்து இழுத்தார்.

சாவி வழுக்கியது.

அவர் கத்தவில்லை. சாவிதான் முதலில் கீழே விழுந்து சத்தம் கேட்டது.

*

மருத்துவமனை வராண்டாவில் ஒட்டடையின் மனைவி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேனேஜர் குனிந்து அவளிடம் தணிவாகப் பேசினார். சைட்டில் எல்லோருக்கும் பெல்ட் கொடுத்திருக்கிறோம், மாட்டச் சொல்லி தினமும் சொல்கிறோம், அவர் கழற்றிவிட்டார், என்ன செய்வது என்றார். அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"பெல்ட்டு மாட்டலையாண்ணே?"

மேஸ்திரியின் தலை மட்டும் அசைந்தது. ஆமாம் என்றா இல்லை என்றா, யாருக்கும் புரியவில்லை.

"அறிவு கெட்ட மனுசன்," என்றாள் அவள், சுவரைப் பார்த்து. "எத்தனை தடவை சொன்னேன். என் பேச்சை எப்பக் கேட்டுச்சு." அதன்பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

இன்ஜினியர் பத்தடி தள்ளி நின்று அதைக் கேட்டாள். செத்தவரைத் திட்டிக்கொண்டே அழுகிற அந்தக் குரல் அவள் காதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போய் மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் கேட்டது.

மூன்றாம் நாள் காலை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தாள் இருந்தது. ஒன்று, விபத்து அறிக்கை. தொழிலாளி பாதுகாப்புப் பெல்ட்டை மாட்டாததால் நேர்ந்தது என்று அச்சடித்திருந்தது. இரண்டாவது, கான்கிரீட் அனுமதிச் சீட்டு. நாளைக்கு ஊற்ற வேண்டும். கம்பி வேலை சரிபார்க்கப்பட்டது என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

"ரெண்டுலயும் போட்டுடும்மா. பெல்ட் மாட்டலைங்கிறது பொய் இல்லையே."

பொய் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆனால் மூன்றாவது மாடியில் ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு மில்லிமீட்டர் ரிங்குகள் இருநூற்று அறுபத்து நாலு அப்படியே இருந்தன. கான்கிரீட் ஊற்றிவிட்டால் அவற்றை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த மாடியில் வரப்போகும் வீடுகளில் யாராவது கட்டில் போட்டுப் படுப்பார்கள். பீம் வெடித்தாலும் வெடிக்கலாம், முப்பது வருடம் அப்படியே நின்றாலும் நிற்கலாம். ஒட்டடை மட்டும் பெல்ட் மாட்டாமல் செத்த முட்டாளாக, பெண்டாட்டி வாயிலும் பிள்ளைகள் வாயிலும் காலத்துக்கும் இருப்பார்.

பேனாவை எடுத்தாள். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் எழுத ஆரம்பித்தாள். வெட்டும் நீளம் 1224. வெட்டியது 1128. வளைவு இரண்டு முறை கழிக்கப்பட்டது, பட்டியலில் கழித்தாயிற்று என்று மேஸ்திரியிடம் நேரில் சொல்லாதது என் தவறு. எல்லா ரிங்குகளும் நிராகரிக்கப்படுகின்றன. நீளக் கம்பிகளின் குறைவை வடிவமைத்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். குறைபாட்டை மறைப்பதற்காக, நான் சம்மதித்து நடந்த வேலையில்தான் அவர் விழுந்தார். அறிக்கையிலும் இதையே எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் படித்தார். முகம் மாறியது. நிதானமாகத்தான் பேசினார். இது போலீசுக்குப் போகும், உன் வேலை போகும், இனி எந்த சைட்டிலும் உன்னை உள்ளே விட மாட்டார்கள் என்றார். தெரியும் என்றாள். மேஸ்திரி இதற்கு ஒத்துக்கொள்வாரா, அவரைக் கேட்டாயா என்றார். கேட்கவில்லை என்றாள்.

மேஸ்திரியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். மூன்று நாளில் பத்து வயது கூடியவர் மாதிரி வந்து நின்றார். அவள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு வரியாக. முடிந்ததும் மேனேஜர், "யோசிச்சுச் சொல்லுங்க மேஸ்திரி. உங்க தங்கச்சிக்கும் இது தெரிஞ்சுபோகும்," என்றார்.

அவர் தாளில் இருந்த எண்களையே பார்த்தார்.

"அவன் சொன்னான் சார்," என்றார் கடைசியில். "முதல் நாளே சொன்னான், வால் பத்தலைன்னு. பொத்திக்கிட்டு வளைன்னு நான்தான் சொன்னேன். அதையும் எழுதச் சொல்லுங்க."

அவள் எழுதினாள். அவர் கீழே தன் பெயரைக் கிறுக்கினார். அது ஒன்றுதான் அவருக்கு எழுதத் தெரிந்த சொல்.

*

கூண்டுகளைப் பிரிக்க நாலு நாள் ஆனது. வேறு குழு வந்து பிரித்தது. கழற்றிய ரிங்குகளை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் குவித்திருந்தார்கள்.

இன்ஜினியருக்கு அன்றுதான் கடைசி நாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது மேஸ்திரியும் அவர் தங்கையும் அங்கே நின்றிருந்தார்கள். ஒட்டடையின் சாமான்களை வாங்கிப் போக வந்திருந்தார்கள். ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு, சாப்பாட்டுக் கேரியர். சாவியைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது.

விஷயம் தங்கைக்குத் தெரிந்திருந்தது. அண்ணனே சொல்லியிருந்தார். அதற்குப்பின் அவள் அவரிடம் பேசவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். இருவரும் இரண்டு அடி இடைவெளி விட்டு நின்ற விதத்திலேயே அது தெரிந்தது. இன்ஜினியரைப் பார்த்ததும் தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பிறகு அவள் குவியலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து ஒரு ரிங்கை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் அதன் மூலைகளைத் தடவினாள்.

"எதைப் புடிச்சு இழுத்தாரு?"

மேஸ்திரி கிட்டே வந்தார். விரலை நீட்டினார். மேல் மூலையில் மடங்கியிருந்த அந்தத் துண்டு வாலைக் காட்டினார்.

அவள் அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். நகம் இருந்த பாகத்தைத் தாண்டி அது கொஞ்சம்தான் நீண்டது. விரலின் முதல் கணுவுக்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானாண்ணே?" என்றாள்.

"இவ்வளவுதான்மா."

அவள் ரிங்கைக் குவியலில் போடவில்லை. சட்டையோடும் செருப்போடும் சேர்த்துப் பைக்குள் வைத்து, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். பை கொள்ளாமல் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இரண்டடி பின்னால், அதே இடைவெளியில் போனார்.

உள்ளே வெட்டும் இடத்தில் புதுக் குழு வேலையை ஆரம்பித்திருந்தது. புது மேஸ்திரி தாளைப் பிடித்துக்கொண்டு மேல்மாடியில் நின்ற புது இன்ஜினியரைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சார், இதுல வளைவு கழிச்சிருக்கா, நாங்க கழிக்கணுமா?"

கழித்தாயிற்று என்று மேலிருந்து பதில் வந்தது. இன்ஜினியர் கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள்.